சொல் விளக்கம்: செட்டிங்ஸ், அமைப்புகள்

போன வருடம் தாராவியில் இருக்கும் அத்தைக்குப் பழைய ஆண்ட்ராய்டு போன் ஒன்று வாங்கிக் கொடுத்தேன். கடைக்காரர் முந்தைய ஆள் வைத்திருந்ததை எல்லாம் அழித்து, முதல் திரையில் கேட்கும் கேள்விகளுக்கு அவரே பதில் சொல்லித் தயார் செய்து கொடுத்தார். நான் பெட்டியைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. மறுநாள் அந்தேரியில் ஆபீஸில் இருக்கும்போது அத்தை பக்கத்து வீட்டு போனிலிருந்து கூப்பிட்டார்.

"என்னல இது, எல்லாம் அரபி மாதிரி இருக்கு. ஒரு எழுத்தும் புரியல."

அது உருது. கடைக்காரர் தன் பழக்கத்தில் உருதுவைத் தேர்ந்தெடுத்துவிட்டார். அத்தைக்குத் தமிழ் மட்டும்தான் வாசிக்கத் தெரியும். எனக்கு உருது வாசிக்கத் தெரியாது. அன்று அந்த போனை மீட்டதில்தான் 'செட்டிங்ஸ்' என்ற சொல்லை முதல்முறையாக நின்று யோசித்தேன்.

ஆங்கிலத்தில் செட் என்ற வினை, சிட் என்ற வினையிலிருந்து பிறந்தது. சிட் என்றால் உட்கார். செட் என்றால் உட்கார வை. தமிழில் இரு, இருத்து என்று ஜோடி இருக்கிறதே, அப்படியே அது. ஆக, ஒன்றை அதற்கென்று உள்ள இடத்தில் இருத்தி வைப்பதுதான் செட்டிங். ரேடியோவின் திருகை ஒரு புள்ளியில் நிறுத்துவது, கடிகாரத்தில் அலாரம் முள்ளைத் திருப்பி வைப்பது என்று கருவிகளுக்குப் போய், அங்கிருந்து கம்ப்யூட்டருக்கும் போனுக்கும் வந்தது.

தமிழ் ஆண்ட்ராய்டில் இதற்கு 'அமைப்புகள்' என்று போட்டிருக்கிறார்கள். நல்ல தேர்வு என்றுதான் நினைக்கிறேன். அமை என்ற வினைக்கு இரண்டு முகம் உண்டு. 'வீடு நல்லபடியாக அமைந்தது' என்றால் தானாகப் பொருந்தியது. 'குழு அமைத்தார்கள்' என்றால் யாரோ செய்து வைத்தது. முதல் முகத்திலிருந்து வருவது அமைவு, இரண்டாவதிலிருந்து வருவது அமைப்பு. சிலர் செட்டிங்ஸுக்கு 'அமைவுகள்' என்றும் எழுதுகிறார்கள். எனக்கு அமைப்பே சரி. நாமோ கடைக்காரரோ கை வைத்துச் செய்ததுதானே அது.

ஆனால் ஒரு சிக்கல் உண்டு. சங்கமும் அமைப்புதான், கட்டடத்தின் உருவமும் அமைப்புதான், ஆங்கிலத்தில் சிஸ்டம் என்பதையும் பலர் அமைப்பு என்றே எழுதுகிறார்கள். செட்டிங்ஸுக்குள் சிஸ்டம் என்று ஒரு வரி இருக்கிறது. அதையும் தமிழாக்கியிருந்தால் 'அமைப்புகளுக்குள் அமைப்பு' என்று ஆகியிருக்கும். அதனாலோ என்னவோ, அந்த வரி தமிழிலும் 'சிஸ்டம்' என்றே இருக்கிறது. தனித்தமிழ் அன்பர்கள் கோபப்படலாம். அத்தையின் மொழி மாற்றும் வரி இருந்தது அந்தச் சிஸ்டத்துக்குள்தான், அதனால் எனக்கு அதன்மேல் கோபம் இல்லை.

சரி, வாசிக்கவே தெரியாத மொழியில் அந்த வரியை எப்படிக் கண்டுபிடிப்பது? எண்ணித்தான். என் மேஜையில் அதே கம்பெனியின், அதே பதிப்பு ஆண்ட்ராய்டு போட்ட போன் ஒன்று தமிழில் இருந்தது. அதைத் திறந்து வைத்துக்கொண்டு, என்னுடையதில் எத்தனையாவது வரியோ அவருடையதிலும் அத்தனையாவது வரி என்று சொல்லிக்கொண்டே போனேன். அது பலிக்கக் காரணம், செட்டிங்ஸின் வரிசையை அகர வரிசை தீர்மானிப்பதில்லை. நிரலில் ஒவ்வொரு வரிக்கும் ஓர் எண் எழுதி வைத்திருக்கிறார்கள். சுருக்கிக் காட்டினால் இப்படி:

```xml
<Preference
    android:key="top_level_system"
    android:title="@string/header_category_system"
    android:order="10" />
```

இதில் எந்த மொழியின் சொல்லும் இல்லை என்பதைக் கவனியுங்கள். தலைப்பு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சீட்டு மட்டும் இருக்கிறது: 'இந்தப் பெயருள்ள சொல்லை எடுத்து வா' என்று. சொற்கள் வேறு கோப்பில், மொழிக்கு ஒரு பெட்டியாக இருக்கின்றன. தமிழுக்கு `values-ta`, உருதுவுக்கு `values-ur`. போன் உருதுவில் இருந்தால் உருதுப் பெட்டியிலிருந்து சொல் வரும். `order` எண் அப்படியே நிற்கும். எண்ணுக்கு மொழி கிடையாது. (ஒரு பெட்டியில் சொல் விடுபட்டுப்போனால் பொதுப் பெட்டியில் இருக்கும் ஆங்கிலச் சொல் வந்து உட்காரும். தமிழ் போனில் நடுவே திடீரென ஒரு வரி ஆங்கிலத்தில் நிற்பது பெரும்பாலும் இதனால்தான்.)

அகர வரிசையில் வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதற்கு அதே போனிலேயே சாட்சி உண்டு. ஆப்களின் முழுப் பட்டியலைத் திறந்து பாருங்கள். அது பெயரைப் பார்த்து அடுக்கப்படுவது. மொழியை மாற்றினால் பெயர்கள் மாறி, காமெரா ஓரிடத்திலிருந்து வேறிடத்துக்குத் தாவிவிடும். அங்கே எண்ணிப் பயனில்லை.

இனி அத்தை வீட்டுக்கு வருவோம். திரையின் மேலிருந்து விரலை இரண்டு முறை இழுத்தால் ஒரு பல்சக்கரம் தெரியும், அதுதான் செட்டிங்ஸின் வாசல். "வலது மூலையில் சக்கரம் இருக்கும், அதைத் தொடுங்க அத்தை" என்றேன். "இல்லியே, இடது பக்கம்லா இருக்கு" என்றார். நான் அவர் வேறு எதையோ சொல்கிறார் என்று இரண்டு நிமிடம் வாதாடினேன். அப்புறம்தான் உறைத்தது. உருது வலமிருந்து இடமாக எழுதப்படுவது. 2012இல் வந்த ஆண்ட்ராய்டு 4.2 முதல், அப்படிப்பட்ட மொழிகளில் திரையே கண்ணாடியில் பார்த்ததுபோலத் திரும்பிக்கொள்ளும். ஐகான்கள் வலப்பக்கம் போகும், பின்செல்லும் அம்பு எதிர்ப்பக்கம் பார்க்கும். ஆனால் திரும்புவது இடவலம் மட்டும்தான். மேல் கீழ் மாறாது. அதற்குப் பிறகு முடிந்தவரை நான் அவரிடம் இடம், வலம் என்ற பேச்சை எடுக்கவில்லை.

செட்டிங்ஸ் திறந்ததும் கடைசிவரை தள்ளச் சொன்னேன். மேலிருந்து எண்ணுவதில் ஒரு தொல்லை: 'இதைச் செய்தீர்களா, அதைச் செய்தீர்களா' என்று ஆலோசனைக் கட்டங்கள் அங்கே வந்து போகும், ஒரு போனில் இருப்பது இன்னொன்றில் இருக்காது. அடிவரி அசையாது. "கீழேயிருந்து இரண்டாவது வரி. வட்டத்துக்குள்ள ஒரு குச்சி, மேல புள்ளி வச்ச மாதிரி படம் இருக்கா?" இருந்தது. அதுதான் சிஸ்டம். கடைசி வரியான போன் விவரத்திலும் அதே குச்சியும் புள்ளியும் உண்டு, ஆனால் அது போன் படத்துக்குள் இருக்கும். படத்தை மட்டும் நம்பியிருந்தால் தடுமாறியிருப்போம். எண்ணும் படமும் சேர்ந்தால் தப்பாது.

உள்ளே முதல் வரியில் உலக உருண்டை. தமிழில் அது 'மொழிகள் & உள்ளீடு'. அதற்குள்ளும் முதல் வரியே மொழிகள். அதைத் தொட்டால் வெறும் ஒரே ஒரு மொழி, உருது, அதன் கீழே கூட்டல் குறி. கூட்டலைத் தொட்டதும் நீண்ட பட்டியல் வந்தது. அங்கே ஒவ்வொரு மொழியும் தன் எழுத்திலேயே தன் பெயரைச் சொல்லும். சிம் இந்தியாவுடையது என்பதால் இந்திய மொழிகள் மேலேயே நின்றன. "தமிழ் இருக்குல!" என்று அத்தை கத்தியது எனக்கு போன் இல்லாமலே கேட்டிருக்கும். எண்ணுகிற வேலை அந்த இடத்தோடு முடிந்தது.

ஆனால் வேலை முடியவில்லை. தமிழைத் தொட்ட பிறகும் திரை உருதுவிலேயே இருந்தது. இங்கேதான் பலர் 'போன் கேட்கவில்லை' என்று கைவிடுகிறார்கள். 2016இல் வந்த ஆண்ட்ராய்டு 7 முதல் அது ஒரு மொழி வைத்துக்கொள்ளும் இடம் அல்ல, விருப்ப வரிசை. புதிதாகச் சேர்த்த மொழி கடைசியில் போய் நிற்கும்; முதலிடத்தில் இருப்பதே திரைக்கு வரும். அதனால் தமிழ் வரியின் ஓரத்திலுள்ள கோடுகளை (உருதுவில் அது இடது ஓரம், இதையும் சொல்லித்தான் ஆக வேண்டியிருந்தது) அழுத்திப் பிடித்து உருதுவுக்கு மேலே இழுக்க வேண்டும். அத்தை மூன்றாவது முயற்சியில் இழுத்துவிட்டார். அந்த நொடியே எல்லாம் தமிழானது, சக்கரமும் வலப்பக்கம் திரும்பியது.

இந்த எண்ணிக்கை எல்லாப் போனுக்கும் பொருந்தாது. வரிசை மாறாமல் இருப்பது மொழிக்கு மொழிதான். பதிப்புக்குப் பதிப்பும் கம்பெனிக்குக் கம்பெனியும் மாறும். 2017இல் வந்த ஆண்ட்ராய்டு 8க்கு முன்னால் மொழி வரி முதல் பட்டியலிலேயே இருந்தது, அதற்குப் பிறகுதான் சிஸ்டத்துக்குள் போனது. ஆண்ட்ராய்டு 14இல் மொழியும் கீபோர்டும் தனித்தனி வரியாகப் பிரிந்துவிட்டன. சாம்சங்கில் சிஸ்டம் என்ற வரியே கிடையாது. 'ஜெனரல் மேனேஜ்மென்ட்' என்ற வரி, கோடுகளில் குமிழ்கள் வைத்த படத்தோடு கீழ்ப்பகுதியில் இருக்கும், அதற்குள் முதல் வரி மொழி. ஷாவ்மியில் 'அடிஷனல் செட்டிங்ஸ்' உள்ளே தேட வேண்டும். அதனால் கையில் இருப்பதைப்போன்ற இன்னொரு போன் பக்கத்தில் இருந்தால்தான் எண்ணுவது நிச்சயம். இல்லாவிட்டால் உலக உருண்டையைத் தேடி ஒவ்வொரு வரியாகத் திறந்து பார்க்க வேண்டியதுதான்.

கேபிளும் adb என்ற கருவி போட்ட கம்ப்யூட்டரும் இருந்து, கம்ப்யூட்டரிலிருந்து போனுக்குக் கட்டளை அனுப்ப வழிவிடும் யூஎஸ்பி டீபக்கிங் போனில் முன்பே திறந்து, அந்தக் கம்ப்யூட்டருக்கு அனுமதியும் கொடுத்திருந்தால் எண்ணவே வேண்டாம். இந்தக் கட்டளை மொழிப் பக்கத்தையே நேராகத் திறந்துவிடும்:

```
adb shell am start -a android.settings.LOCALE_SETTINGS
```

அத்தையின் போனில் அது திறந்திருக்கவில்லை. திறப்பதற்கும் செட்டிங்ஸுக்குள்தான் போக வேண்டும், உருதுவில்.

அத்தை இன்றுவரை அதைச் செட்டிங்ஸ் என்றும் சொல்வதில்லை, அமைப்புகள் என்றும் சொல்வதில்லை. "சக்கரத்துக்குள்ள போயி, கீழேயிருந்து ரெண்டாவது" என்றுதான் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். அவளுடையது சாம்சங். சாயங்காலம் அதற்கும் எனக்குத்தான் போன் வந்தது.