எந்த கேமை நீக்குவது? செட்டிங்ஸில் தெரியும் எண்களைப் படிக்கும் விதம்

பிளே ஸ்டோரில் 1 ஜிபி என்று காட்டும் கேம், போனில் 10 ஜிபிக்கு மேல் இடம் பிடிப்பது சாதாரணம். ஸ்டோரில் தெரிவது முதல் டவுன்லோடின் அளவு மட்டுமே. மேப், குரல், உயர்தரப் படங்கள் எல்லாம் கேமைத் திறந்த பிறகுதான் இறங்குகின்றன.

ஆண்ட்ராய்டில் செட்டிங்ஸ், ஆப்ஸ் என்று போய் அந்த கேமின் ஸ்டோரேஜ் பகுதியைத் திறங்கள். ஒரு ரேஸிங் கேமில் ஆப் அளவு 1.8 ஜிபி, யூசர் டேட்டா 11.4 ஜிபி, கேஷ் 0.3 ஜிபி என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். கேஷை அழித்தால் காலியாகும் இடம் அந்த 0.3 ஜிபிதான், கேமைத் தொடர்ந்து ஆடினால் அதுவும் மறுபடி நிரம்பிவிடும். யூசர் டேட்டா என்றதும் நாம் ஆடிச் சேர்த்த லெவல்கள் என்று நினைத்துப் பலர் கைவைக்கப் பயப்படுகிறார்கள். உண்மையில் அதில் பெரும்பகுதி பின்னால் இறங்கிய மேப்களும் குரல்களும்தான். முதலில் கேமுக்குள்ளேயே இருக்கும் செட்டிங்ஸைப் பாருங்கள். தேவையில்லாத மேப், மொழிக் கோப்புகளை மட்டும் நீக்கும் வசதியைச் சில கேம்கள் தருகின்றன.

ஐபோனில் ஜெனரல் பகுதியிலுள்ள ஐபோன் ஸ்டோரேஜில் ஆப்கள் அளவு வாரியாக வரிசையாக நிற்கும். அங்குள்ள 'ஆஃப்லோட்' ஆப்பை மட்டும் எடுத்துவிட்டு டேட்டாவை விட்டுவைக்கும். மேலே சொன்ன மாதிரி கேமில் அதனால் பெரிய பலன் இல்லை, ஏனென்றால் பாரமே டேட்டாவில்தான் இருக்கிறது.

பேட்டரி பட்டியல் இதைவிட ஏமாற்றும். அதில் தெரியும் சதவீதம், பட்டியல் காட்டும் கால அளவுக்குள் செலவான சார்ஜில் அந்த ஆப்பின் பங்கு. அந்த ரேஸிங் கேம் 36%, திரையில் ஒன்றரை மணி நேரம், பின்னணியில் ஏதுமில்லை என்று இருந்தால் அதில் கோளாறு இல்லை. ஆடியதற்கான செலவு அது. ஆடாத நாளில் அது பேட்டரியைத் தொடாது. சீட்டாட்ட கேம் ஒன்று 7% மட்டும் காட்டி, திரையில் 5 நிமிடம், பின்னணியில் 6 மணி நேரம் என்றிருந்தால் கவனிக்க வேண்டியது அதைத்தான். அதன் பேட்டரி அமைப்பில் பின்னணி இயக்கத்தைக் கட்டுப்படுத்துங்கள். நோட்டிஃபிகேஷன் தாமதமாகலாம், சீட்டாட்டத்துக்கு அது ஒரு நஷ்டமில்லை. ஒரே நாளை வைத்து முடிவெடுக்க வேண்டாம், சில நாட்கள் பாருங்கள்.

ஆக, பேட்டரிக்காகச் சீட்டாட்டத்தைக் கட்டுப்படுத்தினால் போதும். இடத்துக்காக நீக்க வேண்டியது ரேஸிங் கேம், அதுவும் வாரக்கணக்கில் திறக்காமல் கிடந்தால். நீக்கும் முன் கேமுக்குள் போய், கெஸ்ட்டாக ஆடுகிறீர்களா என்று பாருங்கள். அப்படியென்றால் லெவல்கள் போனில் மட்டுமே இருக்கக்கூடும். கூகுள் அல்லது ஆப்பிள் கணக்கோடு இணைத்த பிறகு நீக்குங்கள். ஆண்ட்ராய்டில் 'கிளியர் டேட்டா' கொடுப்பதற்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.