ஹியூமிடிஃபயர் விடும் வெள்ளைப் பொடியும் முடை நாற்றமும்

மேசையைக் காலையில் துடைத்தால் சாயங்காலத்துக்குள் மறுபடியும் வெள்ளையாக ஏதோ படிகிறது, டிவி திரையில் விரலை வைத்தால் கோடு விழுகிறது, அறைக்குள் நுழைந்தால் ஈரத்துணியை மடித்து வைத்த மாதிரி ஒரு வாடை. நுரையீரல் மருத்துவராக, விடாத இருமலோடு வருகிறவர்களிடம் படுக்கையறையில் என்னென்ன இருக்கிறது என்று நான் கேட்கும்போது இந்த வர்ணனை அடிக்கடி வருகிறது. பெரும்பாலும் அங்கே அறைக் காற்றை ஈரமாக்கும் ஓர் அல்ட்ராசோனிக் ஹியூமிடிஃபயர் ஓடிக்கொண்டிருக்கும்.

பொடியும் வாடையும் ஒரே கோளாறு என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். இல்லை. பொடி வருவது நீங்கள் ஊற்றும் தண்ணீரால், வாடை வருவது கருவியின் உள்பக்கத்தைச் சரியாகக் கழுவாததால். ஒன்றுக்கான வைத்தியம் மற்றொன்றைத் தீர்க்காது.

முதலில் பொடி. அல்ட்ராசோனிக் கருவி தண்ணீரைக் கொதிக்க வைப்பதில்லை. அடியில் உள்ள சின்ன வட்டத் தகடு அதிவேகமாக அதிர்ந்து தண்ணீரை நுண்துளிகளாகச் சிதறடிக்கிறது. அப்படிப் பறக்கும் துளிக்குள் கால்சியம், மக்னீசியம் உப்புகளும் சேர்ந்தே போகின்றன, துளி காற்றில் உலர்ந்ததும் உப்பு மட்டும் பொடியாக மிஞ்சுகிறது. நீரைக் கொதிக்கவைத்து ஆவியாக்கும் கருவியிலும், நனைந்த திரி வழியாகக் காற்றை ஊதும் கருவியிலும் உப்பு பெரும்பாலும் உள்ளேயே தங்கிவிடும், அதனால் அவற்றில் இந்தத் தொல்லை குறைவு.

எவ்வளவு பொடி என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். டிடிஎஸ் 400 காட்டும் குழாய்த் தண்ணீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 400 மில்லிகிராம் உப்பு கரைந்திருக்கும். ராத்திரி 3 லிட்டர் ஓடினால் 1.2 கிராம். மூடிய அறையில் அதில் ஒரு பகுதி மேசையில் படிகிறது, மிகச் சன்னமான மிச்சத்தைத் தூங்குகிறவர் மூச்சில் இழுக்கிறார். ஆஸ்துமா உள்ளவர்களுக்கும் கைக்குழந்தைகளுக்கும் இதை நான் சாதாரணமாக விடமாட்டேன்.

தண்ணீரைக் காய்ச்சி ஊற்றினால் போதுமா என்று கேட்பார்கள். காய்ச்சினால் கடினத்தன்மையில் ஒரு பகுதிதான் பாத்திரத்தின் அடியில் படியும், மற்ற உப்புகள் அப்படியே இருக்கும். வாட்டர் சாஃப்ட்னர் தண்ணீரும் உதவாது, அது கால்சியத்தை எடுத்துக்கொண்டு பதிலுக்கு சோடியத்தைக் கொடுக்கிறது, பொடி குறையாது. டிஸ்டில்டு வாட்டர்தான் சரி. அது கிடைக்காவிட்டால் ஆர்ஓ தண்ணீர், ஆனால் அதிலும் டிடிஎஸ் எவ்வளவு என்று மீட்டரில் பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி வாடை. ஒரு பெண்மணி வந்திருந்தார், ராத்திரி இருமல், வெளியூர் போனால் சரியாகிவிடும், வீடு திரும்பினால் மறுபடியும். பொடி வருகிறதே என்று ஏற்கெனவே டிஸ்டில்டு வாட்டருக்கு மாறியிருந்தார், பொடி நின்றுவிட்டது, வாடையும் இருமலும் நிற்கவில்லை. கருவியைக் கொண்டுவரச் சொன்னேன். டேங்க் கண்ணாடி மாதிரி பளபளப்பு. டேங்கைத் தூக்கிவிட்டு அதன் கீழே தண்ணீர் தேங்கும் அடித்தட்டின் மூலையில் விரலை வைத்தால் வழவழவென்று வழுக்கியது, வெளுப்பான பழைய உப்புப் படிவத்தின் மேல் இளஞ்சிவப்பில் ஒரு பாசிப்படலம். தேங்கிய நீரில் கிருமிகள் கட்டும் படலம் அது. சொரசொரப்பான உப்புப் படிவம் அதற்கு நல்ல பிடிமானம். டிஸ்டில்டு வாட்டரில் குழாய்த் தண்ணீரில் இருக்கும் குளோரின்கூடக் கிடையாது என்பதால், நீர் சுத்தம் என்ற தைரியத்தில் கழுவாமல் விட்டால் படலம் தாராளமாக வளரும்.

கழுவும் முறையில் வரிசை முக்கியம். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, அடித்தட்டில் வெள்ளை வினிகரை ஊற்றி அரைமணி நேரம் ஊற விடுங்கள், உப்பு இளகிவிடும், அதிர்வுத் தகட்டை மென்மையான பிரஷ்ஷால் மட்டும் தேய்க்க வேண்டும், கத்தியால் சுரண்டினால் தகடு போச்சு. அப்புறம் நன்றாக அலசிவிட்டு 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடை ஊற்றிப் பத்து நிமிடமாவது விட்டு மறுபடியும் அலசுங்கள். வினிகர் உப்பைக் கரைக்கும், கிருமிநாசினியாக அதை நம்ப முடியாது, அதனால்தான் இரண்டாவது கட்டம். வினிகரையும் ப்ளீச்சையும் மட்டும் எக்காரணம் கொண்டும் சேர்க்காதீர்கள், குளோரின் வாயு வரும். தினமும் மிச்சத் தண்ணீரைக் கொட்டிவிட்டு உலர வைக்கவும், மூன்று நாளுக்கு ஒருமுறை முழுதாகக் கழுவவும்.

அந்தப் பெண்மணியிடம் கழுவிப் பாருங்கள் என்று சொல்லவில்லை, கருவியை முதலில் முழுதாக நிறுத்தச் சொன்னேன். இருமல் அடங்கிய பிறகே கழுவிய கருவியை ஓட்டச் சொன்னேன், அறை ஈரப்பதம் 50 சதவீதத்தைத் தாண்டாமல் ஒரு ஈரப்பதமானியும் வைத்து, ஏனென்றால் அதற்கு மேலே போகப் போகச் சுவரிலேயே பூஞ்சை பிடிக்க ஆரம்பிக்கும். கருவி ஓடிய சில மணி நேரத்தில் குளிர் காய்ச்சல், உடம்பு வலி, மூச்சு இறுக்கம் வந்து, நிறுத்தினால் தணிகிறது என்றால் அது வெறும் சளி இல்லாமலும் இருக்கலாம், மருத்துவரிடம் போகும்போது வீட்டில் ஹியூமிடிஃபயர் ஓடுகிறது என்பதை அவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லிவிடுங்கள்.