வாழை வாடல்: தண்ணீருக்கு மசியாத நோய்

வாழைக்காரர்களிடம் இந்த நோய்க்கு வழங்கும் பெயர் வாடல் நோய். பனாமா வாடல் என்றும் சொல்வார்கள். பனாமா அது பிறந்த ஊர் அல்ல. 1870களிலேயே ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் இதைக் கண்டு எழுதியிருக்கிறார்கள். பனாமாவின் ஏற்றுமதித் தோட்டங்கள் பின்னாளில் இதனால் அழிந்ததால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.

நோயை உண்டாக்கும் பூஞ்சையின் பெயர் ஃபுசேரியம். லத்தீனில் ‘ஃபூசஸ்’ என்றால் நூல் நூற்கும் கதிர். இரு முனையும் கூம்பி, நடு பருத்த அதன் வித்துகள் கதிரைப் போல இருப்பதால் இந்தப் பெயர். தமிழில் ‘கதிர்ப்பூஞ்சை’ என்று ஆக்கலாம். ஆனால் கதிர் என்றதும் நமக்கு நெற்கதிர்தான் நினைவுக்கு வரும். ஆகவே பூஞ்சைக்கு ஃபுசேரியம், நோய்க்கு ‘வாழை வாடல்’ என்பதே என் தேர்வு.

வாடல் என்ற சொல்லில் ஒரு சிக்கல் உண்டு. வெயிலில் வாடிய வாழை தண்ணீர் கட்டினால் நிமிர்ந்துவிடும். இது நிமிராது. வேர் வழியாகப் புகும் பூஞ்சை, கிழங்கிலும் தண்டிலும் நீர் ஏறும் குழாய்களை அடைத்துவிடுகிறது. மண்ணில் ஈரம் இருந்தும் மரம் தாகத்தில் சாகிறது. அடி இலைகள் விளிம்பிலிருந்து மஞ்சளாகி, காம்பு ஒடிந்து, தண்டைச் சுற்றிப் பாவாடைபோலத் தொங்கும். தண்டின் அடிப்பகுதி நெடுக வெடிப்பதும் உண்டு. ரஸ்தாளி பயிரிட்டவர்களுக்கு இந்தக் காட்சி நன்றாகத் தெரியும்.

செத்த மரத்தோடு பூஞ்சை சாவதில்லை. அழுகும் திசுவுக்குள் தடித்த சுவர் கொண்ட வித்துகளை உருவாக்கிவிட்டு மண்ணில் தங்குகிறது. அவற்றுக்குக் ‘கிளாமிடோஸ்போர்’ என்று பெயர். ‘கிளாமிஸ்’ கிரேக்கத்தில் மேலங்கி. ‘போர்வை வித்து’ என்றால் பொருள் அப்படியே வந்துவிடுகிறது. அது உறங்கிக் கிடக்கும். பக்கத்தில் வாழை வேர் வந்து, அதன் கசிவு பட்டதும் முளைக்கும். வாழை இல்லாமலே இருபது ஆண்டுகளுக்கு மேலும் தாக்குப்பிடிக்கும். சில களைகளின் வேரிலும் அறிகுறி காட்டாமல் குடியிருக்கும். ஓரிரு ஆண்டு மாற்றுப் பயிர் வைத்ததால் நிலம் சுத்தமாகிவிட்டது என்று நம்ப முடியாததற்கு இதுவே காரணம்.

இந்த வித்து புதிய நிலத்துக்குப் போக எளிய வாகனம் கன்று. தாய்க்கிழங்கிலிருந்து பூஞ்சை பக்கக்கன்றுக்குள் இறங்கினாலும், ஈட்டி இலை விட்ட கன்று வெளியே பளிச்சென்றே நிற்கும். கிழங்கைக் குறுக்கே வெட்டிப் பாருங்கள். நல்ல கிழங்கு வெள்ளையாக இருக்கும். நோயுற்றதில் செம்பழுப்புப் புள்ளிகளும் கோடுகளும் தெரியும். ஆனால் தொற்றின் தொடக்கத்தில் இந்த நிறமும் இருக்காது. அதனால் தோட்டத்தில் ஒரு மரம் வாடியிருந்தாலும், பக்கத்து மரம் எவ்வளவு செழிப்பாக நின்றாலும், அங்கிருந்து கன்று எடுக்கக் கூடாது. கிழங்கைச் சீவி மருந்துக் கரைசலில் நனைப்பது மேலே ஒட்டியதைக் குறைக்கும்; உள்ளே குழாயில் புகுந்ததை எட்டாது.

திசு வளர்ப்புக் கன்று இந்த வழியை அடைக்கிறது. ஆனால் போர்வை வித்து கிடக்கும் மண்ணில் நட்டால் அதுவும் வாடும். கன்று தோண்டிய கடப்பாரையில் ஒட்டிய மண்ணையும் கழுவிவிட்டே அடுத்த வயலுக்குள் கால் வைக்க வேண்டும்.