பழைய வரியா, புதிய வரியா: ஒரு சம்பளக்காரரின் கணக்கு

என்னிடம் வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்ய வரும் சம்பளக்காரர்களில் பலர், "வீட்டுக் கடன் இருக்கிறது, அதனால் எனக்குப் பழைய முறைதானே லாபம்?" என்று முடிவை முன்கூட்டியே எடுத்துவிட்டுத்தான் அமர்கிறார்கள். அந்த முடிவு சில நேரம் சரியாகவும் இருக்கும். ஆனால் எவ்வளவு லாபம் என்று கேட்டால், அவர்கள் சொல்லும் தொகைக்கும் உண்மைக்கும் பெரும்பாலும் வெகுதூரம் இருக்கும்.

சென்னையில் வேலை பார்க்கும் ஒருவரின் 2025-26 நிதியாண்டுக் கணக்கைப் பார்ப்போம். ஆண்டுச் சம்பளம் 15 லட்சம் ரூபாய். அதில் அடிப்படைச் சம்பளம் 6 லட்சம், வீட்டு வாடகைப்படி 3 லட்சம். மாதம் 20,000 ரூபாய் வாடகை கொடுக்கிறார். திருச்சியில் கடன் வாங்கிக் கட்டிய வீட்டில் பெற்றோர் வசிக்கிறார்கள். அந்தக் கடனுக்கு அவர் ஆண்டுக்குக் கட்டும் வட்டி 2 லட்சத்துக்குச் சற்று மேல். வருங்கால வைப்பு நிதி, பிபிஎஃப், கடனின் அசல் எல்லாம் சேர்ந்து, இவற்றுக்குக் கழிவு தரும் 80சி பிரிவின் உச்சவரம்பான 1.5 லட்சத்தைத் தாண்டிவிட்டன. மருத்துவக் காப்பீட்டுப் பிரீமியம் 25,000 ரூபாய்.

முதலில் புதிய முறையைப் போட்டுவிடலாம், ஏனெனில் வாடகைப்படி, 80சி, இந்த வீட்டுக் கடன் வட்டி போன்ற கழிவுகள் அதில் கிடையாது; கணக்கு சீக்கிரம் முடிந்துவிடும். நிலையான கழிவு 75,000 போக வருமானம் 14,25,000. முதல் 4 லட்சத்துக்கு வரி இல்லை; அடுத்த 4 லட்சத்துக்கு 5 சதவீதம், அதற்கடுத்த 4 லட்சத்துக்கு 10 சதவீதம், மீதி 2,25,000 ரூபாய்க்கு 15 சதவீதம் என்று கூட்டினால் 93,750 வரும்; 4 சதவீத செஸ்ஸையும் சேர்த்தால் 97,500 ரூபாய். (சம்பளத்தைத் தவிர வேறு வருமானம் இல்லாமல், சம்பளமும் 12,75,000 ரூபாய்க்குள் இருப்பவருக்குப் புதிய முறையில் வரியே இல்லை என்பதால், அவர் மேற்கொண்டு கணக்குப் போடத் தேவையில்லை.)

பழைய முறையில்தான் சிக்கல். நிறுவனம் கொடுக்கும் வாடகைப்படி முழுவதும் வரிவிலக்குப் பெறும் என்று எண்ணி, அவர் 3 லட்சத்தையும் கழித்து வைத்திருந்தார். உண்மையில் மூன்று தொகைகளில் எது குறைவோ அதுதான் விலக்கு: பெற்ற வாடகைப்படி 3 லட்சம், சென்னை என்பதால் அடிப்படைச் சம்பளத்தில் பாதி, அதுவும் 3 லட்சம், கொடுத்த வாடகை 2,40,000-த்திலிருந்து அடிப்படைச் சம்பளத்தின் பத்தில் ஒரு பங்கான 60,000 போக 1,80,000. ஆக, விலக்கு 1,80,000 மட்டுமே. வாடகை ஆண்டுக்கு ஒரு லட்சத்தைத் தாண்டுவதால் வீட்டு உரிமையாளரின் பான் எண்ணையும் நிறுவனத்திடம் கொடுக்க வேண்டும்.

இந்த 1,80,000-உடன் நிலையான கழிவு 50,000, தொழில் வரி 2,500, 80சி கழிவு 1,50,000, மருத்துவக் காப்பீடு 25,000, வீட்டுக் கடன் வட்டி உச்சவரம்பான 2 லட்சம் ஆகியவற்றைக் கூட்டினால் 6,07,500. மீதமுள்ள 8,92,500 ரூபாய்க்கு, இரண்டரை லட்சத்திலிருந்து 5 லட்சம் வரை 5 சதவீதமும் அதற்கு மேல் 20 சதவீதமுமாக 91,000 வரி வருகிறது. செஸ் சேர்த்து 94,640. பழைய முறையில் அவருக்கு மிச்சம் 2,860 ரூபாய் மட்டுமே. வாடகைப்படியைத் தவறாகக் கழித்ததால், 27,820 ரூபாய் மிச்சம் என்று நம்பிக்கொண்டிருந்தார்.

இவர் சம்பளத்துக்கு இரு முறைகளும் சமமாகும் புள்ளி 5,93,750 ரூபாய்க் கழிவு. அதைவிட 13,750 ரூபாய்தான் அதிகம் வைத்திருக்கிறார். கடனின் அசல் குறையக் குறைய வட்டியும் குறையும். அடுத்த ஓர் ஆண்டில் வட்டி 1,80,000 ஆகி, மற்றவை இப்படியே இருந்தால், பழைய முறை வரி 98,800 ரூபாயாகிப் புதிய முறை மலிவாகிவிடும். அதனால்தான் போன ஆண்டு எடுத்த முடிவை இந்த ஆண்டுக்கு அப்படியே கொண்டுவரக் கூடாது என்கிறேன். இந்தச் சிறு வித்தியாசத்தைத் தக்கவைக்க வேண்டாத ஆயுள் காப்பீட்டுப் பாலிசி எடுப்பதிலும் பொருளில்லை. இவருக்கு 80சி ஏற்கெனவே நிரம்பிவிட்டதால், அந்தப் பிரீமியத்துக்கு ஒரு ரூபாய்கூட வரி குறையாது.

ஏப்ரலில் நிறுவனத்திடம் தெரிவித்த விருப்பம் டிடிஎஸ் பிடித்தத்துக்கு மட்டுமே. தொழில் வருமானம் இல்லாத சம்பளக்காரர், கணக்குத் தாக்கல் செய்யும்போது முறையை மாற்றிக்கொள்ளலாம். ஆனால் பழைய முறை வேண்டுமென்றால் உரிய கடைசித் தேதிக்குள் தாக்கல் செய்தாக வேண்டும். தேதி தவறினால் புதிய முறையில்தான் வரி கணக்கிடப்படும். இவருக்கு அது 2,860 ரூபாயோடு போகும், தாமதக் கட்டணம் தனி; கூடுதல் கழிவு வைத்திருப்பவருக்கு அது பல ஆயிரங்களாகும்.