ஒப்புதல் விலக்கு: ஒரு சொல்லும் அதன் எல்லையும்

பங்கேற்பாளரிடம் ஒப்புதல் பெறாமலேயே ஆய்வு நடத்த அனுமதிப்பதை மருத்துவ ஆய்வுத் துறையில் ‘கன்சென்ட் வெய்வர்’ என்பார்கள். அந்தத் தொடரை, சேலத்து மாணவர் ஒருவர் தம் ஆய்வு விண்ணப்பத்தில் ‘ஒப்புதல் தள்ளுபடி’ என்று எழுதியிருந்தார். தமிழில் தள்ளுபடி என்பது இரு பக்கமும் வெட்டும் சொல். கடன் தள்ளுபடி என்றால் கடனாளிக்கு ஆதாயம்; மனு தள்ளுபடி என்றால் மனுதாரருக்குத் தோல்வி. ஒப்புதலைத் தள்ளுபடி செய்வதென்றால், ஒருவர் கொடுத்த ஒப்புதலை ஏற்க மறுப்பது என்றுகூடப் பொருள் கொள்ள இடமுண்டு.

வெய்வர் என்ற சொல், ‘கைவிடுதல்’ என்னும் பொருளில் பழைய பிரெஞ்சு வழக்கிலிருந்து ஆங்கிலச் சட்டமொழிக்குள் வந்தது. சட்டத்தில் அது ஒருவர் தமக்குரிய உரிமையைத் தாமே விட்டுக்கொடுப்பதைக் குறிக்கும். ஆய்வு நெறியிலோ உரிமை பங்கேற்பாளருடையது; முடிவெடுப்பது ஆய்வுத் திட்டங்களைப் பரிசீலித்து அனுமதி தரும் நெறிமுறைக் குழு. பங்கேற்பாளர் எதையும் விட்டுக்கொடுக்கவில்லை. பல வேளைகளில் அப்படி ஓர் ஆய்வு நடப்பதே அவருக்குத் தெரியாது. ஆகவே ‘ஒப்புதல் பெறுவதிலிருந்து விலக்கு’ என்பதே பொருத்தமான தமிழ். கடமையிலிருந்து விலக்கப்படுபவர் ஆய்வாளர் என்பதை அது தெளிவாக்குகிறது. சுருக்கமாக ‘ஒப்புதல் விலக்கு’ எனலாம்; ஆனால் மதுவிலக்கில் உள்ள விலக்கு வேறு, வரிவிலக்கில் உள்ள விலக்கு வேறு என்பதால், முதல் முறையாவது முழுத்தொடரை எழுதிவிடுவது நல்லது. குழுவின் பரிசீலனையிலிருந்தே விலக்குப் பெறுவது இன்னொன்று. அதையும் இதையும் குழப்பிக்கொண்டு, ‘ஒப்புதல் வேண்டாமென்றால் குழுவுக்கும் போக வேண்டாம்’ என்று நினைப்பவர்கள் உண்டு. ஒப்புதல் விலக்கை ஆய்வாளர் தமக்குத் தாமே வழங்கிக்கொள்ள முடியாது. குழுவிடம் கேட்டுத்தான் பெற வேண்டும்.

விலக்கப்படுவது எது என்பதையும் பார்க்க வேண்டும். நாஜி மருத்துவர்கள் மீதான வழக்கின் தீர்ப்பில் 1947இல் வந்த நியூரம்பர்க் நெறி, பங்கேற்பாளரின் தன்னார்வ ஒப்புதல் முற்றிலும் இன்றியமையாதது என்றது. ‘இன்ஃபார்ம்டு கன்சென்ட்’ என்ற தொடர் 1957இல் கலிபோர்னியா நீதிமன்றத் தீர்ப்பொன்றின் வழியாகப் பரவியது. தமிழில் இதற்கு ‘அறிவார்ந்த ஒப்புதல்’ என்றும் ‘தகவலறிந்த ஒப்புதல்’ என்றும் இரண்டு வழக்குகள் உள்ளன. முன்னது, ஒப்புக்கொள்பவர் அறிவாளியாக இருக்க வேண்டும் என்ற மயக்கத்தைத் தரும், பின்னதே தக்கது. விளக்கிச் சொல்வது, புரிந்ததா என்று பார்ப்பது, கட்டாயமின்றிச் சம்மதம் பெறுவது ஆகிய மூன்றும் சேர்ந்த நிகழ்வுதான் தகவலறிந்த ஒப்புதல். கையெழுத்து அதன் சான்று மட்டுமே.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு வழிகாட்டுநெறிகள், விலக்கு வழங்கத்தக்க சூழல்களைச் சொல்கின்றன. விலக்கின்றி ஆய்வை நடைமுறையில் நடத்தவே இயலாது என்பதும், விலக்கு கோருவதற்கு அறிவியல் காரணம் உண்டு என்பதும் முதன்மையானவை. அடையாளம் நீக்கப்பட்ட பழைய பதிவுகள், பெயரற்ற இரத்த, திசு மாதிரிகள், பொதுவெளியில் கிடைக்கும் தரவுகள், சிலவகைப் பொதுச் சுகாதாரக் கண்காணிப்பும் திட்ட மதிப்பீடும், பேரிடர்க் காலம் ஆகியவையும் அதில் வருகின்றன.

இதைச் சேர்வராயன் மலையில் வைத்துப் பார்ப்போம். அங்கு வாழும் மலையாளிப் பழங்குடிப் பெண்களிடையே கர்ப்பகால இரத்தசோகை ஐந்தாண்டுகளில் குறைந்திருக்கிறதா என்று ஒரு சமூக மருத்துவ மாணவர் ஆராய விரும்புவதாகக் கொள்வோம். ஆரம்ப சுகாதார நிலையத்தின் கர்ப்பிணிகள் பதிவேட்டில் ஹீமோகுளோபின் அளவு எழுதப்பட்டிருக்கும். பொதுவாக, டெசிலிட்டருக்கு 11 கிராமுக்குக் கீழ் இருந்தால் இரத்தசோகை. ஐந்தாண்டுக்கு முன் பதிவான பெண்ணைத் தேடினால், கைபேசி எண் மாறியிருக்கும். சிலர் வேலை தேடி வெளியூர் போயிருப்பார்கள். சாலையோரக் குக்கிராமத்தில் இருப்பவர்களிடம் மட்டும் ஒப்புதல் வாங்கி அவர்களது அளவுகளை மட்டும் எடுத்தால், சாலை எட்டாத ஊர்களின் நிலை ஆய்விலிருந்து விழுந்துவிடும், முடிவே பிழையாகும். விலக்கு கேட்கத் தகுந்த காரணம் இது. ‘நேரமில்லை, அலைச்சல் அதிகம்’ என்பது காரணமாகாது.

ஆனால் பெயரை அழித்துவிட்டால் அடையாளம் அழிந்துவிடும் என்று எண்ணக் கூடாது. முப்பது வீடுள்ள ஓர் ஊரின் பெயரும், வயது 37 என்பதும், ஐந்தாம் பிரசவம் என்பதும், பதிவு செய்த தேதியும் ஒரே வரியில் இருந்தால், அது யார் என்று அந்த ஊரில் குழந்தையும் சொல்லும். எனவே விவரமறிந்த குழு விலக்கு தரும்போதே சில நிபந்தனைகளை விதிக்கும். பதிவேடு நிலையத்தை விட்டு வெளியே போகக் கூடாது. அங்குள்ள செவிலியரே பெயரின்றிப் படியெடுத்துத் தர வேண்டும். தேதிக்குப் பதில் ஆண்டும், வயதுக்குப் பதில் வயதுப் பிரிவும் இருக்க வேண்டும். சிற்றூர்களைச் சேர்த்தே கணக்குக் காட்ட வேண்டும்.

அதே மாணவர், இப்போது கர்ப்பமாக உள்ள பெண்களின் விரல் நுனியில் குத்தி அளவு பார்க்கவும் எண்ணினால், அந்தப் பகுதிக்கு விலக்கு இல்லை. அபாயம் மிகக் குறைவுதான். ஆனால் பெண் எதிரிலேயே அமர்ந்திருக்கிறார், கேட்பதற்குத் தடை ஏதுமில்லை. அவர் எழுதப் படிக்கத் தெரியாதவர் என்றால், ஆய்வுக்குத் தொடர்பில்லாத, படிக்கத் தெரிந்த ஒருவர் முன்னிலையில் முழுவதையும் வாசித்து விளக்கி, கைரேகையும் சாட்சியின் கையெழுத்தும் பெற வேண்டும்.

இங்கேதான் ‘வல்னரபிள்’ என்ற சொல் வருகிறது. இலத்தீனில் காயத்தைக் குறிக்கும் வேரிலிருந்து பிறந்தது அது. ‘நலிந்த பிரிவினர்’ என்று தமிழாக்கினால் குறை அவர்களிடமே இருப்பதுபோல் தோன்றுகிறது. ‘எளிதில் பாதிப்புக்குள்ளாகக் கூடியோர்’ நீளமானாலும் சரியானது. பழங்குடியினர், கர்ப்பிணிகள், சிறார், முதலாளியை அண்டி வாழும் தொழிலாளர் எல்லாரும் இதில் அடங்குவர். காபித் தோட்டத்தில் காலை வேலைக்குப் பெயர் கொடுக்க நிற்கும் வரிசையிலேயே படிவத்தை நீட்டினால், “மேஸ்திரி சொன்னா சரிதான் சார்” என்று விரலை மையில் வைப்பார்கள். மறுத்தவர் ஒருவர்கூட இல்லை என்று அறிக்கை பெருமையாகச் சொன்னால், எனக்கு முதலில் தோன்றுவது ஐயமே. தோட்ட நிர்வாகமும் ஊர்ப் பெரியவரும் தருவது உள்ளே வர அனுமதி. அது பெண்ணின் ஒப்புதலுக்கு ஈடாகாது. பாதிப்புக்குள்ளாகக் கூடியோர் பங்கேற்கும் ஆய்வை, அபாயம் மிகக் குறைவானாலும், முழுக்குழுவே பரிசீலிக்க வேண்டும் என்று வழிகாட்டுநெறிகள் சொல்வது இதனால்தான்.

மூன்றாவதாக ஒரு சிக்கல் வரலாம். பரிசோதனைக்கு எடுத்து மீந்த இரத்தம் ஆய்வகத்தில் இருக்கிறது. அதில் பரம்பரை இரத்த நோய்க்கான மரபணு உண்டா என்று பார்க்க மாணவரின் வழிகாட்டி விரும்புகிறார். மாதிரியோடு பெயர் இணைந்திருந்தால், முடிவு ஒரு பெண்ணின் குடும்பத்தில் திருமணப் பேச்சுவரை பாதிக்கும். நான் அறிந்தவரை பொறுப்புள்ள எந்தக் குழுவும் அதற்கு விலக்கு தராது. பெயரை மீளமுடியாதபடி நீக்கிவிட்டால் விலக்கு கேட்கலாம். ஆனால் நோய் இருப்பது தெரிந்தாலும் உரியவரிடம் போய்ச் சொல்ல வழி இராது. தனியாள் மறைந்தாலும் ‘இந்த மலைச் சனத்துக்கு இந்த நோய்’ என்ற முத்திரை சமூகத்தின் மேல் விழும். ஆகவே அந்தப் பகுதியைத் தனி விண்ணப்பமாகப் பிரித்து, புதிதாக ஒப்புதல் கேட்டு, முடிவைத் தெரிந்துகொள்ள விருப்பமா இல்லையா என்ற கேள்வியையும் படிவத்தில் சேர்க்கச் சொல்வதே குழுவுக்கு அழகு.