இலை முந்தும், தண்டு பிந்தும்

குதிரைமசால் என்னும் பயறுவகைத் தீவனச் செடியை அறுத்து வெயிலில் பரப்பினால் இலைகள் அன்றைக்கே சருகாகத் தொடங்கும். தண்டு காய இரண்டு, மூன்று நாள் ஆகும். கோடைக்கு உலர்தீவனம் சேர்ப்பவரின் பாடெல்லாம் இந்த இடைவெளியோடுதான். புரதத்தின் பெரும்பகுதி இலையில் இருக்கிறது. தண்டுக்காகக் காத்திருந்தால் இலை நொறுங்கி மண்ணில் உதிர்ந்துவிடும். கடைசியில் மாட்டுக்குக் கிடைப்பது குச்சிதான். புல் வகைகளில் இந்தத் தொல்லை குறைவு, இலை தண்டைப் பிடித்துக்கொண்டே காயும்.

அறுக்கும் பருவம் முக்கியம். குதிரைமசாலில் பத்துச் செடிக்கு ஒன்று பூத்ததும் அறுக்கலாம், புல்லைக் கதிர் தலைகாட்டும்போது. இன்னும் விட்டால் எடை கூடும், ஆனால் தண்டில் லிக்னின் என்னும் கட்டைப்பொருள் ஏறி செரிமானம் குறையும். விதை முற்றிய புல் வைக்கோலுக்குப் பக்கத்தில் வந்துவிடும்.

அறுத்த செடி உடனே சாவதில்லை. ஈரப்பதம் ஏறத்தாழ 40 சதவீதத்துக்கு இறங்கும்வரை அது சுவாசித்துத் தன் சர்க்கரையைத் தானே எரிக்கிறது. எனவே முதல் நாள் மெல்லியதாகப் பரப்பி வேகமாக வாட்ட வேண்டும். தண்டை நசுக்கிவிட்டால் நீர் எளிதில் வெளியேறும். பாதி காய்ந்தபின் எதிர்மாறாக நிதானம் தேவை. பனி ஈரத்தில் இலை துவண்டிருக்கும் அதிகாலையில் மட்டும் புரட்டி, பிறகு சிறு குவியலாக்க வேண்டும். உச்சி வெயிலில் கிளறினால் இலை கொட்டும், வெயில் பச்சை நிறத்தையும் கரோட்டினையும் வெளுக்கும்.

போதுமான அளவு காய்ந்ததா என்பதைக் கையால் தடவிப் பார்ப்பதைவிடத் தராசை நம்பலாம். அறுத்த உடன் 1 கிலோவை வலைப்பையில் போட்டு, மற்றதோடு சேர்த்துக் காயவிடுங்கள். பச்சையில் ஈரம் 80 சதவீதம் என்றால் அதில் உலர்பொருள் 200 கிராம். பையின் எடையைக் கழித்து 280 கிராம் காட்டினால் ஈரம் 80 கிராம், அதாவது 29 சதவீதம், அடுக்கக் கூடாது. 235 கிராமுக்கு இறங்கினால் 15 சதவீதம், அடுக்கலாம். செடி முற்றியிருந்து பச்சையில் ஈரம் 75 சதவீதமாக இருந்தால் இலக்கு 294 கிராம்.

ஈரத்தோடு அடுக்கினால் பூஞ்சையும் பாக்டீரியாவும் பெருகி, போர் உள்ளே சூடேறும். தரையிலிருந்து உயர்த்திய மரச்சட்டத்தின் மேல், கூரைக்கடியில், காற்று புக இடைவெளி விட்டு அடுக்குங்கள். முதல் சில வாரம் நீண்ட இரும்புக்கம்பியைப் போருக்குள் செருகி, சற்று நேரம் கழித்து உருவிப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் பிரித்து உலர்த்தலாம். கையில் பிடிக்க முடியாத சூடும் கருகல் வாடையும் வந்தால் பிரிக்காதீர்கள். காற்றுப் பட்டதும் தீப்பிடிக்கலாம். முதலில் தீயணைப்புத் துறையை அழையுங்கள்.