ஷார்ட்டேஜ் லிஸ்ட்ல எலக்ட்ரீஷியன், வெல்டர் இருக்கு, ஆஸ்திரேலியா விசா கிடைச்சிடுமா?

ஆஸ்திரேலியாவுல எலக்ட்ரீஷியனுக்கும் வெல்டருக்கும் ஆள் பத்தல, லிஸ்ட்ல வந்தாச்சு, பணத்த கட்டுங்கன்னு யாராவது சொன்னா மொதல்ல எந்த லிஸ்ட்டுன்னு கேளுங்க. அங்க லிஸ்ட் ஒண்ணு இல்ல. ஜாப்ஸ் அண்ட் ஸ்கில்ஸ் ஆஸ்திரேலியாங்கற அரசு அமைப்பு வருஷா வருஷம் எந்தெந்த வேலைக்கு ஆள் தட்டுப்பாடுன்னு ஒரு லிஸ்ட் போடும். அது அந்த நாட்டு நெலவரத்த காட்டறது, அத வச்சு யாருக்கும் விசா தர மாட்டாங்க.

விசாவ தீர்மானிக்கற லிஸ்ட் வேற. கம்பெனி ஸ்பான்சர் பண்ணி போற 482 விசாவுக்கு கோர் ஸ்கில்ஸ் லிஸ்ட், இது 2024 டிசம்பர்ல வந்துச்சு, அப்ப அதுல 456 வேலை இருந்துச்சு. கம்பெனியே இல்லாம பாயின்ட்ஸ்ல போற 189 விசாவுக்கு அதுக்கு முன்னாடியே இருந்த இன்னொரு லிஸ்ட். ஒரு லிஸ்ட்ல இருக்கற வேலை இன்னொண்ணுல இல்லாம போகலாம், அதனால விசா நம்பரையும் லிஸ்ட்டையும் சேத்தே பாக்கணும். வேலையோட பேர மட்டும் பாத்தும் புண்ணியமில்ல, ஆறு இலக்க கோடு தான் கணக்கு. ஜெனரல் எலக்ட்ரீஷியன் 341111, ஃபர்ஸ்ட் கிளாஸ் வெல்டர் 322313. நீங்க தினமும் செய்யற வேலையும் அந்த கோடுக்கு எழுதியிருக்கற வேலையும் ஒத்துப்போகணும்.

லிஸ்ட்ல பேர் இருந்தா விண்ணப்பம் போட கதவு தொறக்குது, அவ்வளவுதான். அடுத்து டிரேட்ஸ் ரெகக்னிஷன் ஆஸ்திரேலியா, சுருக்கமா டிஆர்ஏ, உங்க தொழில் அறிவ சோதிச்சு ஸ்கில் அசெஸ்மென்ட் குடுக்கணும். இந்திய பாஸ்போர்ட்ல எலக்ட்ரீஷியனா போறவங்களுக்கு 482-க்கு கூட இது தேவை. சம்பள ரசீது, வேலை லெட்டர், நீங்க வேலை செய்யற போட்டோ எல்லாம் கேப்பாங்க, அப்புறம் டெக்னிக்கல் இன்டர்வியூ இருக்கும், எலக்ட்ரீஷியன்னா கையால செஞ்சும் காட்டணும்.

நம்ம ஆளுங்க நெறைய பேர் மாட்டிக்கறது இங்கதான். கல்ஃப்ல ஆறு வருஷம் பேனல் போர்டு வயரிங் பண்ணியிருப்பாங்க, ஆனா லேபர் கார்டுல ஹெல்பர்னு இருக்கும், சம்பளம் கையில வாங்கியிருப்பாங்க. லெட்டர்ல எலக்ட்ரீஷியன்னு இருந்து கார்டுல ஹெல்பர்னு இருந்தா அசெஸ்ஸருக்கு சந்தேகம் வரத்தான் செய்யும். அதனால கம்பெனிய விட்டு வர்றதுக்கு முன்னாடியே வேலை விவரத்தோட லெட்டர வாங்கிடுங்க, சம்பளம் ஏறின பேங்க் ஸ்டேட்மென்ட்டையும் எடுத்து வச்சுக்கங்க.

இப்ப ஒருத்தர வச்சு 189 கணக்க போட்டு பாப்போம். வயசு 29, ஐடிஐ எலக்ட்ரீஷியன், கல்யாணம் ஆகல, வெளிநாட்டு அனுபவம் ஆறு வருஷம். வயசுக்கு 30 பாயின்ட், ஐடிஐ படிப்ப டிஆர்ஏ ஏத்துக்கிட்டா 10, அனுபவத்துக்கு 10, தனி ஆளுங்கறதுக்கு 10, மொத்தம் 60. கீழ்மட்ட எல்லை 65. ஐஇஎல்டிஎஸ்ல நாலு பகுதியிலயும் 6 எடுத்தா தகுதிதான் கிடைக்கும், பாயின்ட் பூஜ்யம். நாலுலயும் 7 எடுத்தா 10 கிடைச்சு 70 ஆகிடும். 7 வராம 6 மட்டும் வந்தா ஒரு மாநில அரசு நாமினேட் பண்ற 190-ல 5 பாயின்ட் சேரும், 65-க்கு வந்துடலாம். இதுலயும் ஒரு சிக்கல் இருக்கு. தொழில் கத்துக்கிட்ட காலம்னு டிஆர்ஏ கருதறத அனுபவத்துல சேக்க மாட்டாங்க, ஆறு நாலாச்சுன்னா 10-க்கு பதிலா 5 தான், மொத்த கணக்கும் மாறிடும். அதனால அசெஸ்மென்ட் ரிசல்ட் வர்றதுக்கு முன்னாடி யாரு சொல்ற பாயின்ட்டையும் நம்பி வேலைய விட்டுடாதீங்க.

எலக்ட்ரீஷியனுக்கு இன்னொரு படி இருக்கு, இத ரொம்ப பேர் சொல்றதே இல்ல. விசா வந்து அங்க இறங்கினாலும் மறுநாளே தனியா வயர தொட முடியாது, லைசென்ஸ் வேணும். டிஆர்ஏ பாஸ் ஆனா குடுக்கறது ஆஃப்ஷோர் டெக்னிக்கல் ஸ்கில்ஸ் ரெக்கார்டுங்கற ஒரு சான்று. அத வச்சு மாநிலத்துல தற்காலிக லைசென்ஸ் வாங்கி, லைசென்ஸ் உள்ள ஒருத்தர் மேற்பார்வையில வேலை செஞ்சுக்கிட்டே, அந்த ஊர் வயரிங் விதிமுறைக்கான கேப் டிரெய்னிங்க முடிச்சாதான் முழு லைசென்ஸ். அதுவரைக்கும் சம்பளம் கொஞ்சம் கொறச்சலா இருக்கலாம், அத கணக்குல வச்சுட்டுதான் கடன் வாங்கணும். வெல்டருக்கு பொதுவா இந்த மாதிரி மாநில லைசென்ஸ் கிடையாது, அந்த விதத்துல அவங்களுக்கு வழி கொஞ்சம் சுருக்கம்.

482-ல போறவங்க இன்னொண்ணும் தெரிஞ்சுக்கங்க. ஸ்பான்சர் பண்ற கம்பெனி அரசுக்கு ஒரு டிரெய்னிங் லெவி கட்டணும், அந்த காச தொழிலாளிகிட்ட வசூலிக்க சட்டத்துல இடமில்ல. ஸ்பான்சர்ஷிப் சார்ஜ்னு யாராவது லட்சக்கணக்குல கேட்டா ரசீது குடுக்க முடியுமா, எதுக்கான காசுன்னு எழுதி குடுக்க முடியுமான்னு கேளுங்க. கூடவே உங்க பேர்ல நாமினேஷன் போடப்போற கோடு எதுன்னும் கேட்டு, அத நீங்களே ஆஸ்திரேலிய உள்துறை வெப்சைட்ல அன்னிக்கு இருக்கற லிஸ்ட்டோட ஒத்து பாத்துக்கங்க, ஏன்னா லிஸ்ட் மாறும், போன வருஷம் சொந்தக்காரர் போன கோடு இப்ப இல்லாமலும் போயிருக்கலாம்.